48 வார்டுகளுக்கு ஒரே லேஅவுட்: அட்லஸ் பக்கங்கள் அச்சிட்ட ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு நகரில் வீடு வீடாகக் கணக்கெடுக்கும் வேலைக்கு, வார்டுக்கு ஒரு தாள் என்று வரைபடம் கேட்டிருந்தார்கள். மொத்தம் 48 வார்டுகள். தாள் A3, கிடைவாக்கில். ஒவ்வொரு தாளிலும் அந்த வார்டு முழுதாகவும் பெரிதாகவும் தெரிய வேண்டும், கட்டடங்களின் மேல் வீட்டு எண் படிக்கும்படி இருக்க வேண்டும், சுற்றியுள்ள வார்டுகள் மங்கலாகத் தெரிந்தால் போதும். கணக்கெடுப்பவர்கள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய், முடித்த வீட்டைப் பேனாவால் குறிப்பார்கள்.

வரைபடம் தயாரிக்க நாங்கள் இருவர் இருந்தோம். கையில் வார்டு எல்லை, சாலை, கட்டடம் என மூன்று லேயர்கள். கட்டட லேயரில் வீட்டு எண் தனிப் புலமாக இருந்தது. மென்பொருள் QGIS. 48 தாள்களையும் கையால் ஒவ்வொன்றாக நகர்த்தி அச்சிட யாருக்கும் பொறுமை கிடையாது. நடுவில் ஒரு வண்ணத்தை மாற்றச் சொன்னால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். அதனால் ஆரம்பத்திலேயே அட்லஸ் என்று முடிவாகிவிட்டது. ஒரே லேஅவுட்டை வடிவமைத்து, Atlas Settings-இல் வார்டு லேயரை Coverage layer ஆகக் கொடுத்து, வரைபடச் சட்டகத்தின் பண்புகளில் Controlled by Atlas-ஐத் தேர்ந்தெடுத்தால், லேயரில் உள்ள ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு பக்கம் தானாக வரும்.

தாளில் தலைப்பு, குறிவிளக்கம், ஓரத்தில் நகர் முழுவதையும் காட்டும் சிறு வரைபடம் ஆகியவற்றுக்கு இடம் விட்டதுபோக, முதன்மைச் சட்டகத்துக்கு 400 மி.மீ. அகலமும் 240 மி.மீ. உயரமும் கிடைத்தன. பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இந்த இரண்டு எண்களிலிருந்துதான்.

முதல் ஓட்டத்தில் கண்டவை

அட்லஸை முன்னோட்டத்தில் ஓட்டியதும் 53 பக்கங்கள் காட்டியது. வார்டுகளோ 48. எல்லை லேயரைத் திறந்து பார்த்ததில், ரயில் பாதையும் வாய்க்காலும் குறுக்கே போன சில வார்டுகள் தனித்தனி உருவங்களாகக் கிடந்தன. வரையும்போது மிச்சப்பட்ட மெல்லிய துண்டு ஒன்றும் இருந்தது. அட்லஸுக்கு வார்டு என்றால் என்ன என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது லேயரின் வரிசைகள் மட்டும்தான். வார்டு எண்ணை வைத்து Dissolve செய்ததும் 48 ஆனது. (ஒரு சின்ன எச்சரிக்கை: Dissolve செய்யும்போது மற்ற புலங்களில் முதல் உருவத்தின் மதிப்பு மட்டும் தங்கும். மக்கள்தொகை மாதிரியான எண்ணைத் தாளில் அச்சிடுவதாக இருந்தால் அதைத் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும்.)

அடுத்தது வரிசை. வார்டு எண் எழுத்து வகைப் புலமாக இருந்ததால் 1, 10, 11 என்று ஓடி, வெகுநேரம் கழித்து 2 வந்தது. இது எளிதில் தீரும் விஷயம். இதற்கான மாற்றம் வேறொரு முடிவோடு சேர்ந்து வந்ததால் கீழே சொல்கிறேன்.

உண்மையில் யோசிக்க வைத்தது அளவுகோல். Controlled by Atlas-இன் கீழ் மூன்று வழிகள் உண்டு. முதல் ஓட்டத்தில் முதல் வழியான Margin around feature இருந்தது, 10 சதவீத ஓரத்துடன். இதில் ஒவ்வொரு வார்டும் சட்டகத்தை நிறைக்கும் அளவுக்குப் பெரிதாகும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் நகரின் நடுவே இருந்த மிகச் சிறிய வார்டு, சுமார் 380 மீட்டருக்கு 300 மீட்டர், 1:1,375 அளவில் வந்தது. புறநகரின் மிகப் பெரிய வார்டு, 3,600 மீட்டருக்கு 2,100 மீட்டர், 1:9,900 அளவில் வந்தது. இடையில் இருந்த மற்ற வார்டுகளில் எந்த இரண்டும் ஒரே அளவில் இல்லை. ஒரு தாளில் கட்டைவிரல் அகலத்தில் தெரியும் வீடு அடுத்த தாளில் நகத்தின் அளவு. இரண்டு வார்டு எல்லையில் நிற்பவர் இரு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பொருத்தவே முடியாது.

அளவுச் சட்டமும் இதில் மாட்டியது. ஒரு பிரிவுக்கு 200 மீட்டர் என்று நிலையாகக் கொடுத்திருந்தோம். சிறிய வார்டில் அந்தப் பிரிவு 145 மி.மீ. நீண்டு குறிவிளக்கத்தின் மேல் ஏறியது; பெரிய வார்டில் 20 மி.மீ.க்குச் சுருங்கியது. Fit segment width-க்கு மாற்றியதும் நீளம் கட்டுக்குள் வந்தது.

இன்னொரு விஷயம் சில தாள்களில் மட்டும் தெரிந்தது. ஒரு வார்டுக்கு முதன்மைப் பகுதி 800 மீட்டருக்கு 500 மீட்டர்தான். ஆனால் அதே வார்டைச் சேர்ந்த ஒரு சிறு துண்டு கிழக்கே தள்ளி இருந்ததால், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 3 கிலோமீட்டருக்கு மேல் நீளம். அட்லஸ் வார்டின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, அதைச் சுற்றிப் போடும் எல்லைச் செவ்வகத்தைத்தான் பார்க்கிறது. எனவே நடுவில் வெற்றிடம் பெரிதாகி, வீடுகள் இருக்கும் பகுதி தாளின் ஓரத்தில் ஒடுங்கிக் கிடந்தது. வடக்கு தெற்காக நீண்ட மூன்று வார்டுகளுக்கும் இதே கதி. 700 மீட்டர் அகலம், 1,900 மீட்டர் நீளம் உள்ள வார்டைக் கிடைவாக்குத் தாளில் போட்டால் இரு பக்கமும் அக்கம்பக்கத்து வார்டுகள்தான் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

அளவுகோலில் Fixed scale-ஐ முதலில் தள்ளினோம். 1:2,500 என்று வைத்தால் மிகப் பெரிய வார்டுக்கு 1,440 மி.மீ. அகலத் தாள் வேண்டும். 1:10,000 என்று வைத்தால் மிகச் சிறிய வார்டு 38 மி.மீ.க்கு 30 மி.மீ. தான் வரும். வார்டுகள் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கும் ஊருக்கு இது சரி. இங்கே ஒத்து வரவில்லை.

மீதி இருந்தது Predefined scale (best fit). முன்பே கொடுத்த பட்டியலிலிருந்து, வார்டு அடங்கும் அளவுகளில் மிகப் பெரிதாகக் காட்டும் ஒன்றை இது எடுத்துக்கொள்ளும். Project Properties-இல் View Settings-க்குள் Project Predefined Scales என்ற இடத்தில் 1:2,500, 1:5,000, 1:10,000 என மூன்றை வைத்தோம். எங்கள் சட்டகத்தில் 1:2,500 என்றால் 1,000 மீட்டருக்கு 600 மீட்டர் நிலம் அடங்கும். 1:5,000 என்றால் அதன் இரு மடங்கு, 1:10,000 என்றால் நான்கு மடங்கு. மூன்றே அளவு என்பதால் கணக்கெடுப்பவருக்கு ஓரிரு நாளில் கை பழகிவிடும்.

இந்த வழியில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. முதலாவது, முதல் வழியில் இருந்த ஓர இடைவெளி இதில் கிடையாது. 990 மீட்டர் அகல வார்டும் 1:2,500-இல் அடங்கும், ஆனால் எல்லைக்கோடு சட்டகத்தை உரசிக்கொண்டு நிற்கும். இரண்டாவது, பட்டியலில் எதிலும் அடங்காத வார்டு வந்தால் பட்டியலின் கடைசி அளவிலேயே நின்று, மிச்சம் வெட்டுப்படும்; எந்த எச்சரிக்கையும் வராது. அதற்காகப் பட்டியலின் கடைசியில் 1:25,000-ஐயும் சேர்த்தோம். அச்சிடுவதற்கு அல்ல. எந்தப் பக்கத்திலாவது அந்த எண் தென்பட்டால் அந்த வார்டைக் கவனிக்க வேண்டும் என்று பொருள்.

பெரிய முடிவு இதன் பிறகுதான் வந்தது. Coverage layer ஆக வார்டு லேயரையே கொடுத்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எதை வரைவது என்பது ஒன்று. பக்கத்தை எங்கே நிறுத்துவது என்பது வேறு. எனவே பக்கங்களுக்கென்றே ஒரு தனி லேயர் உருவாக்கினோம். முதலில் வார்டு லேயரை மீட்டர் அலகுள்ள யூடிஎம் ஆயத்தொலைவுக்கு மாற்றினோம், ஏனென்றால் பாகை அலகில் இருக்கும் லேயரில் 20 என்று கொடுத்தால் அது 20 பாகை. பிறகு 20 மீட்டர் Buffer. அந்த 20 மீட்டர் 1:2,500-இல் 8 மி.மீ.; இல்லாமல் போன ஓர இடைவெளி இப்படித் திரும்பக் கிடைத்தது.

துண்டு தள்ளியிருந்த வார்டுக்கு இந்த லேயரில் ஒரு வரிசைக்குப் பதில் இரண்டு வரிசைகள்: முதன்மைப் பகுதிக்கு ஒன்று, துண்டுக்கு ஒன்று. முதன்மைப் பகுதி முன்பு 1:10,000-இல் 80 மி.மீ.க்கு 50 மி.மீ. ஆக இருந்தது, இப்போது 1:2,500-இல் 320 மி.மீ.க்கு 200 மி.மீ. ஆனது. நீண்ட மூன்று வார்டுகளையும் நடுவில் 50 மீட்டர் மேற்பொருந்தும்படி இரண்டு செவ்வகங்களாக வெட்டியதும் அவை 1:10,000-லிருந்து 1:5,000-க்கு வந்தன. நெடுவாக்குத் தாள் வைப்பதையும் யோசித்தோம். பக்கத்தின் திசையை வார்டின் வடிவத்துக்கு ஏற்பத் தானாக மாறச் செய்ய முடியும். ஆனால் சட்டகம், தலைப்பு, குறிவிளக்கம் எல்லாவற்றின் இடத்தையும் அதோடு சேர்த்து மாறும்படி அமைக்க வேண்டும். எல்லாத் தாளையும் ஒரே கோப்பில் கட்டப்போகிறார்கள் என்பதால் வேண்டாம் என்று விட்டோம்.

பக்க லேயரில் page_key என்று ஒரு எழுத்துப் புலம்: 07, 12A, 12B என்ற மாதிரி, முன்னால் பூஜ்ஜியத்தோடு. வரிசைக்கும் இதே, பக்கப் பெயருக்கும் இதே, கோப்புப் பெயருக்கும் இதே. வரிசைச் சிக்கல் இதிலேயே தீர்ந்தது. லேஅவுட்டைத் திறக்கும் முன்பே எந்தப் பக்கம் எந்த அளவில் வரும் என்று பார்க்க, பட்டியலில் ஒரு புலத்தை இப்படிக் கணக்கிட்டுக்கொண்டோம்:

```
CASE
 WHEN bounds_width($geometry) <= 1000
  AND bounds_height($geometry) <= 600 THEN 2500
 WHEN bounds_width($geometry) <= 2000
  AND bounds_height($geometry) <= 1200 THEN 5000
 WHEN bounds_width($geometry) <= 4000
  AND bounds_height($geometry) <= 2400 THEN 10000
 ELSE 25000
END
```

610 மீட்டர் உயரம் என்று பத்து மீட்டரில் தப்பும் பக்கங்கள் இதில் உடனே தெரியும். அப்படிப்பட்ட இரண்டு வார்டுகளில் 20 மீட்டர் ஓரத்தை 10 ஆகக் குறைத்ததும் அவை ஒரு படி பெரிய அளவுக்கு வந்துவிட்டன.

Coverage layer மாறியதால் ஒரு விஷயத்தைத் திருத்த வேண்டியிருந்தது. தாளுக்குரிய வார்டைத் தெளிவாகவும் மற்றதை மங்கலாகவும் காட்ட, வார்டு லேயருக்கு Inverted Polygons போட்டு, அதற்குள் ஒரு விதி வைத்திருந்தோம். வழக்கமாக எழுதும் `$id = @atlas_featureid` இப்போது பக்க லேயரின் அடையாள எண்ணோடு வார்டின் அடையாள எண்ணை ஒப்பிடும். அதாவது சில பக்கங்களில் தற்செயலாகச் சரியாகவும், மற்றவற்றில் வேறு வார்டையும் காட்டும். முதல் சில பக்கங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டால் தெரியாமலே போய்விடும். விதியை வார்டு எண்ணைக் கொண்டு எழுதினோம்:

```
"ward_no" = attribute(@atlas_feature, 'ward_no')
```

மங்கலாக்கும் வெள்ளை நிறத்தின் ஒளிபுகுதன்மையை நிறத்திலேயே கொடுத்தோம், லேயரின் Opacity-யில் கொடுக்கவில்லை. லேயரில் குறைத்தால் பிடிஎஃப் எடுக்கும்போது வரைபடப் பகுதியே படமாக மாறி, கோப்பு பருத்து, எழுத்தின் ஓரம் மழுங்கும்.

பின்னணிக்கு இணைய வரைபட டைல்களைப் போடலாமே என்ற பேச்சும் வந்தது. 300 டிபிஐ-யில் எடுக்கும்போது டைல்கள் மிக நுணுக்கமான படியிலிருந்து வரும். அதிலுள்ள தெருப் பெயர்கள் தாளில் எறும்பு அளவில் விழும். ஒவ்வொரு பக்கத்துக்கும் சேவையகத்திலிருந்து ஏராளமான டைல்களை இழுப்பதும் முறையல்ல. கையில் இருந்த சாலை லேயரே போதும் என்று விட்டுவிட்டோம்.

தாள்கள் களத்துக்குப் போன பிறகு

இப்படியாக 52 பக்கங்கள் அச்சாகிக் களத்துக்குப் போயின. நகரின் நடு வார்டுகளில் ஒரு புகாரும் இல்லை. புறநகர்ப் பெரிய வார்டுகளைப் பார்த்த மேற்பார்வையாளர்தான் கூப்பிட்டார்.

"மேப்புல வீடெல்லாம் இருக்குங்க, நம்பர்தான் பாதிக்கு மேல காணோம். காலனி பக்கம் போனா எந்த வீடுன்னே தெரியல."

முன்னோட்டத்தில் அது கண்ணில் படவில்லை, ஏனென்றால் படத்தில் எதுவும் குறையாகத் தெரியாது. இரண்டு லேபிள்கள் மோதினால் QGIS ஒன்றைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரிந்தது. வீட்டு எண்ணுக்கு 6 புள்ளி எழுத்து. மூன்று இலக்க எண் தாளில் சுமார் 3.5 மி.மீ. அகலம் பிடிக்கும். 1:2,500-இல் அது நிலத்தில் 9 மீட்டர். 1:10,000-இல் 35 மீட்டர். அந்தக் காலனிகளில் வீடுகள் 9 மீட்டர் முகப்போடு ஒட்டி ஒட்டி இருந்தன. ஆக, ஒரு வரிசையில் நான்கு வீட்டுக்கு ஒன்றுக்குத்தான் எண் கிடைத்திருக்கும். வார்டு பெரிது, பெரும்பகுதி வயலும் காலி மனையும் என்பதால் 1:10,000 போதும் என்று பட்டது. அந்த வார்டுக்குள்ளேயே நெருக்கமான இடங்கள் இருந்ததைத்தான் அளவுகோல் கவனிக்கவில்லை.

லேபிள்கள் ஒன்றன்மேல் ஒன்று விழ அனுமதிக்கும் வசதி உண்டு. போட்டுப் பார்த்தால் காலனி முழுக்கக் கறுப்புத் திட்டு. எழுத்தை 4 புள்ளிக்குக் குறைத்தால் தெரு விளக்கில் படிக்க முடியாது என்றார் மேற்பார்வையாளர். சரி, பெரிய வார்டுகளின் முழுத் தாள் அப்படியே இருக்கட்டும், நெருக்கமான காலனிகளுக்கு மட்டும் 1:2,500-இல் கூடுதல் பக்கம் கொடுக்கலாம் என்று முடிவானது. பக்க லேயர் தனியாக இருந்ததால், இதற்கு லேஅவுட்டில் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. 960 மீட்டருக்கு 560 மீட்டர் செவ்வகங்களைக் காலனிகளின் மேல் வரைந்து, முழுத் தாளுக்கு 31A, செவ்வகங்களுக்கு 31B, 31C என்ற மாதிரி page_key கொடுத்தோம். சரியாக 1,000-க்கு 600 என்று வரையாததற்குக் காரணம், தசமப் புள்ளியில் ஒரு துளி கூடினாலும் அட்லஸ் அடுத்த அளவுக்குத் தாவிவிடும். மொத்தம் ஐந்து பக்கங்கள் சேர்ந்து 57 ஆனது. முழுத் தாளில் இந்தச் செவ்வகங்களின் கோட்டையும் பக்க எண்ணையும் காட்டியதால் எந்தத் தாளுக்குப் போவது என்று தேட வேண்டியதில்லை.

மறு அச்சுக்கு 57-ஐயும் ஓட்டவில்லை. Atlas Settings-இல் Filter with-ஐப் போட்டு, புதிய பக்கங்களையும் செவ்வகக் கோடு சேர்ந்த முழுத் தாள்களையும் மட்டும் எடுத்தோம். 31-ஆம் வார்டுக்கு இப்படி:

```
"page_key" IN ('31A', '31B', '31C')
```

இங்கேதான் கோப்புப் பெயரை page_key-யில் வைத்தது உதவியது. QGIS தானாகத் தரும் கோப்புப் பெயர் `'output_'||@atlas_featurenumber`. வடிகட்டிவிட்டால் இந்த எண் மறுபடி 1-லிருந்து தொடங்கும். 31A பக்கம் output_1 என்று சேமிக்கப்பட்டு, அதே கோப்புறையில் முன்பு எடுத்த முதல் வார்டின் தாளை அழித்துவிட்டிருக்கும். தாளின் அடியில் "பக்கம் 1 / 3" என்று அச்சாகியும் குழப்பியிருக்கும். அடிக்குறிப்பிலும் அதனால் பக்க எண்ணுக்குப் பதில் page_key-தான்.

அடுத்த முறை மாறுபவை

அளவுகோலை வார்டு அடங்குகிறதா என்பதை வைத்து மட்டும் முடிவு செய்ய மாட்டோம். முதலில் மிக நெருக்கமான தெருவில் வீட்டு முகப்பு எத்தனை மீட்டர், எண்ணின் எழுத்து எத்தனை மி.மீ. என்று பார்த்துவிட்டு, எந்த அளவு வரை எண் தாங்கும் என்று கணக்கிட்டு, அதற்குப் பிறகுதான் பக்கங்களை வெட்டுவோம். QGIS-இன் லேபிள் கருவிப்பட்டையில் இடம் கிடைக்காத லேபிள்களைச் சிவப்பில் காட்டும் பொத்தான் ஒன்று இருக்கிறது. முதன்மைச் சாளரத்தை 1:10,000-இல் நிறுத்தி அதை அழுத்தியிருந்தால் அந்தக் காலனிகள் மொத்தமாகச் சிவந்து நின்றிருக்கும்.

சோதனை அச்சையும் வேறு விதமாக எடுப்போம். முதல் இரண்டு பக்கங்களை எடுத்துப் பார்ப்பது வழக்கம். அவை பெரும்பாலும் நடு நகரத்துச் சராசரி வார்டுகள், எந்தக் குறையும் காட்டாது. மிகச் சிறியது, மிகப் பெரியது, துண்டு உள்ளது, வீடு மிக நெருக்கமானது என நான்கு பக்கங்களை வடிகட்டி, திரையில் அல்லாமல் தாளில் எடுத்து, களத்தில் நடப்பவர் ஒருவர் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு எல்லையையும் குறித்து வைக்கிறோம். காலனிச் செவ்வகங்களைக் கண்ணால் பார்த்து வரைந்தது ஐந்துதான் என்பதால் சமாளித்தோம். நூற்றுக்கணக்கான வார்டுகள் உள்ள இடத்தில் அது நடக்காது. அங்கே பெரிய வார்டுகளின் மேல் சட்டக அளவிலான கட்டங்களை Create Grid கொண்டு போட்டு, வீடே இல்லாத கட்டங்களை நீக்கிவிட்டு, மிச்சத்தைப் பக்க லேயரில் சேர்ப்பதுதான் வழி. அப்போது ஒரு தெரு இரண்டு கட்டங்களுக்கு நடுவே வெட்டுப்படும். அதற்கு 50 மீட்டர் மேற்பொருந்தலும், தாளின் நான்கு ஓரத்திலும் பக்கத்துத் தாளின் எண்ணும் வேண்டும்.